ஒன்பது நாளில் எண்பதாயிரம்

கேள்வி: என் காரின் பாலிசி 2026 மார்ச் 4ஆம் தேதியோடு முடிகிறது. ஆர்.சி.யில் பதிவுத் தேதி 14.3.2022. அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலை எட்டு லட்சம். வண்டிக்கு நாலு வயது தாண்டுகிறது, ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, நாலு லட்சம்தான் என்கிறார் ஏஜென்ட். இதற்கிடையில் பிரீமியத்துக்கு வைத்திருக்கும் பணத்தை, கடைக்குச் சரக்கு எடுக்க மச்சினன் கேட்கிறார். மூன்று வருஷமாக இதே கதைதான். அவருக்குக் கொடுத்துவிட்டு நகையை அடகு வைத்துக் கட்டுகிறேன். இந்த முறை ஏப்ரலில் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். சரியா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: சரியில்லை. ஏஜென்ட் சொன்னதும் சரியில்லை.

அவர் 2026இல் 2022ஐக் கழித்து நாலு என்று நிறுத்திவிட்டார். கழித்த பிறகு, பாலிசி தொடங்கும் நாள் பதிவு நாளை எட்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். எட்டவில்லை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். உங்கள் புதுப் பாலிசி மார்ச் 5இல் தொடங்கும், பதிவு மார்ச் 14. ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது, ஆக நிறைந்த வயது மூன்றுதான்.

வழக்கமான அட்டவணையில், மூன்றைத் தாண்டி நாலுக்குள் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானக் கழிவு. நாலைத் தாண்டினால் 50. இன்றைய ஷோரூம் விலையில்தான் இதைக் கழிப்பார்கள், நீங்கள் வாங்கிய விலையில் அல்ல. எட்டு லட்சத்தில் 40 போனால் 4,80,000. கம்பெனிகள் கொஞ்சம் ஏற்றி இறக்கும், ஆனாலும் பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். ஏப்ரலில் கட்டினால் ஏஜென்டின் கணக்கே உண்மையாகிவிடும். வண்டி திருடுபோனாலோ, பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, கையில் 80,000 குறைவாக வரும். அந்த 80,000க்கான பிரீமியம், நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் 2,400தான். பிரீமியம் குறைந்தது என்று சந்தோஷப்படுவார்கள் சிலர்!

‘ஜீரோ டெப் போட்டால் போதும்’ என்று ஏஜென்ட் ஆரம்பிப்பார். பழுது பார்க்கும்போது பாகங்களுக்குப் பிடிக்கும் கழிவைத்தான் அது ஏற்கும், ஐ.டி.வி.யை ஒரு ரூபாய்கூட உயர்த்தாது. அந்தப் பாகக் கழிவுக்கு வயதை எண்ணுவது விபத்து நடந்த நாளில். அதனால் மார்ச் 14க்குப் பிறகு கதவு நசுங்கினால், எந்தத் தேதியில் கட்டியிருந்தாலும் உலோகத்துக்கு 25 அல்ல, 35 சதவீதம் பிடிப்பார்கள். இதில் உங்கள் ஒன்பது நாள் உதவாது.

இடைவெளி விழுந்த நாட்களில் வண்டிக்கு என்ன ஆனாலும் சல்லிக்காசு கிடைக்காது. இடைவெளி 90 நாளைத் தாண்டினால், கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

உண்மையான ஓட்டை மச்சினன்தான். மூன்று வருஷம் அவர் சரக்குக்கு நீங்கள் நகை வட்டி கட்டியிருக்கிறீர்கள். பாலிசி முடியும் வரை காத்திருக்க வேண்டாம், பிப்ரவரியிலேயே பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள், தொடக்கம் மார்ச் 5 என்றே இருக்கும். அப்புறம் அவர் வந்து கேட்டால், பணம் கட்டியாச்சு என்று ரசீதைக் காட்டலாம். கட்டுவதற்கு முன், பதிவுத் தேதி 14.3.2022 என்று விழுந்திருக்கிறதா, ஐ.டி.வி. என்ன காட்டுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.