எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதா? சுமை எங்கே கூடுகிறது என்று கண்டறியும் வழி

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறது. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் கிரைண்டர் போட்டால் கால் மணி நேரத்தில் சமையலறை எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாலு நாள். அந்த நேரத்தில் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, பிள்ளைகளின் யூனிஃபார்முக்கு அயர்ன் பாக்ஸ் எல்லாமே ஓடும். கிரைண்டரைக் கடையில் கொடுத்துப் பார்த்தோம், பழுது இல்லையாம். எம்.சி.பி.யில் C16 என்று போட்டிருக்கிறது. 32 ஆம்பியர் மாற்றிவிட்டால் விழாது என்கிறார் வேலை செய்பவர். மாற்றலாமுங்களா?

பதில்: தயவுசெய்து மாற்ற வேண்டாம். அந்த எம்.சி.பி. காப்பது உங்கள் கிரைண்டரையோ அடுப்பையோ அல்ல. சுவருக்குள் குழாயில் ஓடும் ஒயரைத்தான். வீடுகளில் பவர் பிளக்குகளுக்கு வழக்கமாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுப்பார்கள். சுவருக்குள் குழாயில் போகும்போது அது ஏறக்குறைய 20 ஆம்பியர் வரைதான் சூடேறாமல் தாங்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் வரை விழாமல் நிற்கும். அதற்குள் ஒயரின் பி.வி.சி. உறை இளகிவிடும், 16 ஆம்பியர் பிளக்கும் கருகத் தொடங்கும். இப்போது விழுந்து எச்சரிப்பதை அப்போது புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல் 'கால் மணி நேரத்தில்' என்பதே. எம்.சி.பி.க்குள் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று மின்காந்தச் சுருள். ஃபேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொள்ளும்போது பாயும் பெரும் மின்னோட்டத்துக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். C வகையில் அதற்குக் குறித்த அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதாவது 16 ஆம்பியர் குறித்த உங்கள் எம்.சி.பி.க்கு 80 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மற்றொன்று இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. அளவுக்குச் சற்று மேல் மின்சாரம் ஓடினால் அந்தத் தகடு சூடாகி, மெல்ல வளைந்து, நிமிடக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு விழச் செய்யும். போட்டவுடன் 'டப்'பென்று விழுந்தால் முதல் அமைப்பு, தாமதித்து விழுந்தால் இரண்டாவது. உங்கள் வீட்டில் வேலை செய்வது இரண்டாவது என்பதால், இதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சுமை கூடியிருக்கிறது என்றே முதலில் கொள்ளலாம்.

கிரைண்டருக்குப் பழி வந்ததற்குக் காரணம், அது கடைசியாகப் போடப்படுவதும், கரண்ட் நின்றவுடன் அதன் ஓசை நிற்பது காதில் விழுவதும்தான். வீட்டு டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவுதான் எடுக்கும். ஓடும்போது சுமார் ஒரு ஆம்பியர். கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுத்தாலும் 80 ஆம்பியரை எட்டவே எட்டாது. ஆகவே கிரைண்டரை மாற்றிப் புதிதாக வாங்கியிருந்தாலும் இந்தத் தொல்லை தீர்ந்திருக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். சேமிப்புத் தொட்டியுள்ள கீசர்கள் பெரும்பாலும் 2000 வாட் என்பதால் 8.7 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அதுவும் 2000 வாட், இன்னொரு 8.7 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், 4.3 ஆம்பியர். ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் ஒன்று, கிரைண்டர் ஒன்று. எல்லாம் சேர்ந்து 23.7 ஆம்பியர். எம்.சி.பி.க்கான தர விதியின்படி, குறித்த அளவைவிட 13 சதவீதம் மட்டும் கூடுதலாக, அதாவது சுமார் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக்கூடாது. 45 சதவீதம் கூடுதலாக, அதாவது 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். இடைப்பட்ட அளவில் விழலாம், விழாமலும் இருக்கலாம். ஏற்கெனவே அடுப்பும் கீசரும் ஓடித் தகடு சூடாக இருக்கும் நேரத்தில் கிரைண்டரும் சேர்ந்தால், கால் மணி நேரத்தில் விழுவது இயல்புதான். கீசரை மட்டும் கழித்துப் பாருங்கள்: 15 ஆம்பியர். கிரைண்டர், அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடினாலும் எம்.சி.பி. அசையாது.

தினமும் விழாததற்கும் கீசரே விடை தருகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் போதும். பிறகு அதன் தெர்மோஸ்டாட் தானாகவே நிறுத்திவிடும். மார்கழிக் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கியிருந்தால் 21 நிமிடம் ஆகும். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் கீசர் நிற்காமலேயே ஓடும். கீசர் நின்ற பிறகு மாவாட்டத் தொடங்கிய நாளில் எம்.சி.பி. விழாது, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிய நாளில் விழும்.

இவ்வளவும் கீசர் சமையலறை லைனில்தான் இருக்கிறது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. குளியலறை சமையலறைச் சுவருக்கு அடுத்த பக்கம் இருந்தால், பின்னாளில் கீசர் மாட்டும்போது பக்கத்துப் பிளக்கிலிருந்தே ஒயர் இழுத்திருப்பார்கள். கொங்குப் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளைத் திருத்திக் கட்டிய இடங்களில் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஊகத்தை நீங்களே உறுதிசெய்யலாம். அதற்கு எந்த மூடியையும் கழற்றத் தேவையில்லை.

பகல் வெளிச்சத்தில், கை உலர்ந்திருக்க, காலில் செருப்புடன், எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பெட்டியின் முன் நில்லுங்கள். பெட்டி நனைந்திருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, உள்ளே 'உர்'ரென்ற ஓசை கேட்டாலோ, ஏதாவது பிளக்கின் துளை பழுப்பேறியிருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், கீசரைப் போட்டு அதன் விளக்கு எரியும்போதே C16 எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு வீட்டைச் சுற்றி வந்து, எந்தெந்த விளக்கு, பிளக், கருவி செத்துப்போயின என்று ஒரு தாளில் எழுதுங்கள். கீசரின் விளக்கு அணைந்திருந்தால் ஊகம் சரி. எழுதிய தாளை டி.பி. கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

அடுத்து, அந்த லைனில் உள்ள கருவிகளின் பிளக்குகளைக் கழற்றுங்கள். நேராக ஒயர் கொடுத்த கீசரை அதன் சுவிட்சில் நிறுத்துங்கள். எம்.சி.பி. இப்போதுதான் விழுந்திருந்தால் தகடு ஆற ஐந்து நிமிடம் விட்டு, பிறகு தூக்குங்கள். எதுவும் மாட்டாமலேயே விழுந்தால் கோளாறு ஒயரில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் தூக்கிப் பார்க்காதீர்கள். நின்றால் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியிலோ பின்புறமோ அச்சிட்டிருக்கும் வாட்டைக் குறித்துக்கொண்டு கூட்டிக்கொண்டே வாருங்கள். எந்தக் கருவியாவது மாட்டிய நொடியிலேயே விழவைத்தால், அதன் உள்ளே ஷார்ட் இருக்கிறது. கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

பழைய அயர்ன் பாக்ஸில் எழுத்து தேய்ந்திருக்கும். அதற்கு மின்வாரிய மீட்டரே அளவுகோல். மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்; அருகில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அந்த விளக்கு 3200 முறை சிமிட்டும் என்பது அதன் பொருள். இன்வெர்ட்டரையும் மற்ற எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டு, அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60,000ஐ அந்த எண்ணால் வகுத்து, எண்ணிய சிமிட்டல்களால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 18.75, 53 முறை சிமிட்டினால் ஏறக்குறைய 1000 வாட். சூடான பெட்டி தானாக நின்று நின்று ஓடும் என்பதால், ஆறிய நிலையில் போட்டவுடன் எண்ண வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பையும் பாத்திரம் வைத்து முழு வேகத்தில் எண்ணுங்கள். குறைந்த வேகத்தில் அதுவும் விட்டுவிட்டுத்தான் இழுக்கும்.

விழுந்தது எம்.சி.பி.தானா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் T என்று எழுதிய சிறு பொத்தான் இருந்தால் அது பெரும்பாலும் ஆர்.சி.சி.பி.; ஆர்.சி.சி.பி. சுமைக்கு விழாது, மின்சாரம் எங்கோ கசிகிறது என்பதற்கே விழும். கீசரின் ஹீட்டர் கம்பி பழுதானாலும் அது விழும். அப்போது இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கசியும் கருவியைத் தொடாமல் நிறுத்தி, ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கூட்டிப் பார்த்த சுமை 12, 13 ஆம்பியர்தான் வருகிறது, ஆனாலும் தாமதித்து விழுகிறது என்றால் வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். எம்.சி.பி.யின் ஒயர் திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் தானே சூடாகி, தகட்டை முன்கூட்டியே வளைத்துவிடும். பக்கத்து எம்.சி.பி.க்களைவிட அதன் முன்முகம் மட்டும் தெளிவாகச் சூடாக இருப்பதும், பிளாஸ்டிக் நிறம் மாறியிருப்பதும் இதற்கு அடையாளம். மெயினை இறக்கித் திருகைப் பார்ப்பது, மூடியைத் திறப்பது, எம்.சி.பி.யை மாற்றுவது எல்லாம் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. அவர் கிளாம்ப் மீட்டர் வைத்து ஓடும் ஆம்பியரை அளப்பார். அதை ஃபேஸ் ஒயரை மட்டும் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்யத்தையே காட்டும்.

உங்கள் வீட்டுக்குச் சரியான தீர்வு, கீசருக்கு டி.பி.யிலிருந்து தனி லைன். எர்த் ஒயருடன் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் 2000 வாட்டுக்குப் போதும்; பின்னாளில் 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். சமையலறை லைன் அதே C16இலேயே இருக்கட்டும். தனி லைன் வரும்வரை, எழுந்ததும் கீசரைப் போட்டு, 20 நிமிடத்தில் கீசர் விளக்கு அணைந்த பிறகு சுவிட்சையும் அணைத்துவிட்டு, அதன்பின் அடுப்பையும் கிரைண்டரையும் போடுங்கள். பிள்ளைகளின் உடைகளை முந்தின இரவே தேய்த்துவைத்தால் காலையில் இன்னொரு 4.3 ஆம்பியர் குறையும்.