கூப்பனுக்காக ஒரு மிக்ஸி

“மூன்று மாதத்தில் 50,000 ரூபாய் செலவழித்தால் 500 ரூபாய் கூப்பன் என்கிறது என் கிரெடிட் கார்டு. 44,000 ஆகிவிட்டது. மீதிக்கு எதையாவது வாங்கிவிடலாமா?”

வேண்டாம். தேவையில்லாமல் 6,000 ரூபாய்க்கு வாங்கினால், கூப்பன் போக 5,500 நஷ்டம். எப்படியும் அடுத்த மாதம் கட்டவேண்டிய காப்பீட்டு பிரீமியம் இருந்தால் இப்போதே கட்டுங்கள். ஆனால் வாடகை, பெட்ரோல், காப்பீடு போன்றவற்றைச் சில கார்டுகள் இலக்கில் சேர்ப்பதில்லை; முதலில் விதிமுறையைப் பாருங்கள்.

நான் ஒருமுறை வேலூர் லாங்கு பஜாரில் இதற்காகவே மிக்ஸி வாங்கினேன். (வீட்டில் ஏற்கெனவே இரண்டு!) திருப்பிக் கொடுத்ததும் அந்தத் தொகை இலக்குக்கான செலவுக் கணக்கிலிருந்து கழிந்தது, கூப்பனும் வரவில்லை.

பில்லை முழுதாகக் கட்டமுடியாவிட்டால் இலக்கையே மறந்துவிடுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு 1,750.