நேற்று முதலில் இருந்தவர் இன்று இரண்டாவது: கோடு மாறாமலே வரிசை மாறுவது ஏன்?

*"ஒரு பள்ளிக்காக மென்பொருள் செய்கிறேன். 'மாணவர் பட்டியலை சார்ட் பண்ணும் ஃபங்ஷன் வேண்டும்' என்று ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். மொத்த மதிப்பெண்ணை வைத்து பைதானில் எழுதிக் கொடுத்தேன். தரவு போஸ்ட்கிரஸில் இருக்கிறது. 487 வாங்கிய இரண்டு பேரில் நேற்று ஒருவர் மேலே வந்தார், இன்று மற்றவர் வருகிறார். பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கோட்டில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. தவறு என்னுடையதா?"*

கோட்டில் தவறு இல்லை. கேட்காமல் எழுதியது மட்டும்தான் உங்கள் தவறு. அந்த ஒரு வரியில் எந்த ஃபீல்டு என்று இல்லை, ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று இல்லை, இரண்டு பேர் சமமாக வந்தால் யார் முன்னே என்றும் இல்லை. முதல் இரண்டையும் நீங்களே சரியாக ஊகித்துவிட்டீர்கள். மூன்றாவதை யாருமே முடிவு செய்யவில்லை, அதனால் தரவுத்தளம் தன் போக்கில் முடிவு செய்துகொண்டிருக்கிறது.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பைதானின் `sorted` சமமானவர்களை இடம் மாற்றாது. 487 எடுத்த இருவரில் யார் உள்ளே முதலில் வந்தாரோ அவரே வெளியிலும் முதலில் வருவார். `reverse=True` கொடுத்தாலும் அப்படித்தான். ஆக மாறியது உங்கள் ஃபங்ஷன் அல்ல, அதற்குள் போன வரிசை. போஸ்ட்கிரஸிடம் `ORDER BY` இல்லாமல் கேட்டால் எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. பெரும்பாலும் கோப்பில் கிடக்கும் வரிசையில் எடுத்துக் கொடுக்கும். ஒரு மாணவரின் வரியை யாராவது திருத்தினால் அது பழைய வரியை அழித்து அதன் மேலேயே எழுதாது. புதிய பிரதி ஒன்றை வேறு இடத்தில் வைக்கும். பள்ளி அலுவலகத்தில் யாரோ அந்தப் பிள்ளையின் அப்பா போன் நம்பரை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். போன் நம்பர் திருத்தியதில் ரேங்க் போய்விட்டது என்று பெற்றோரிடம் சொன்னால் நம்புவார்களா!

இதற்கு மருந்து சின்னதுதான்:

```python
def vari(m):
    return (-m["total"], m["roll"])

rows = sorted(rows, key=vari)
```

முதலில் மொத்தம். கழித்தல் குறி இருப்பதால் பெரியது மேலே வரும். மொத்தம் சமமானால் பதிவு எண்ணில் சிறியது முன்னே. ஒரு பதிவு எண் இரண்டு பேருக்கு இராது என்பதால் இழுபறிக்கு இடமே இல்லை. தரவுத்தளத்திலேயே அடுக்குவதாக இருந்தால் `ORDER BY total DESC, roll ASC`.

சமம் வந்தால் பெயர் வரிசையில் போடு என்று பள்ளியில் சொல்வார்கள். இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். தமிழில் பெயர்களை வைத்திருந்தால், பைதான் போடும் வரிசை நம் அகரவரிசை அல்ல. அது யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது. நாம் பள்ளியில் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. யூனிகோடு அட்டவணையிலோ ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்பே உட்கார்ந்திருக்கிறது. ற என்பது ர-வை ஒட்டி நிற்கிறது. வள்ளி, வனிதா என்று இருவர் 487 வாங்கியிருந்தால் நம் வரிசைப்படி வள்ளி முதலில். பைதான் வனிதாவைத்தான் முதலில் போடும். தமிழாசிரியர் ஒருவர் பட்டியலைப் பார்த்தால் போதும், அடுத்த புகார் கிளம்பிவிடும். அதோடு புள்ளி வைத்த எழுத்துக்கும் வம்புதான்: க் என்பது க, கா, கி எல்லாம் முடிந்த பிறகே வரும், ஏனென்றால் புள்ளியின் எண் அந்தக் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. தமிழ் வரிசை தெரிந்த நூலகத்தைச் சேர்த்து இதைச் சரிசெய்யலாம். ஆனால் இன்ஷியலை முன்னால் போட்டு "மா. வள்ளி" என்று பதிந்து வைத்திருந்தால் அதுவும் உதவாது, மா-வில் போய் நிற்பார். அதனால்தான் பதிவு எண் என்கிறேன். பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மொத்தம், பெயர், கடைசியாகப் பதிவு எண் என்று மூன்றையும் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இல்லாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

பட்டியலில் யார் மேலே என்பது வேறு, ரேங்க் எண் வேறு. 491, 487, 487, 480 என்று வந்தால் 1, 2, 2, 4 என்று போடுவதா, 1, 2, 2, 3 என்று போடுவதா? இரண்டுமே வழக்கத்தில் உண்டு, எஸ்க்யூஎல்லில் முன்னது `RANK`, பின்னது `DENSE_RANK`. இருவருக்கும் 2 என்று அச்சாகியிருந்தால் அந்தப் பெற்றோர் சண்டைக்கே வந்திருக்க மாட்டார்கள். வரிசையில் எத்தனையாவது வரி என்பதையே ரேங்க் என்று காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பாருங்கள்.

இனி அந்த ஒருங்கிணைப்பாளர். இந்த ரகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு உங்களுக்கு ஒரு வரி அனுப்புவார். தகராறு வந்தால் பள்ளியிடம் "டெவலப்பர் பிழை" என்பார். உங்களிடம் "சின்ன வேலைதானே, காசில்லாமல் முடித்துக்கொடு" என்பார். பள்ளியிடம் அதற்கும் தனி பில் போடுவார். ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகைப் பட்டியலில் நானே இப்படி மாட்டியிருக்கிறேன். "டாப் டென் எடுத்துக் கொடு" என்றார் இடையில் இருந்தவர். `LIMIT 10` போட்டேன். பத்தாவதும் பதினொன்றாவதும் ஒரே மதிப்பெண். திங்களன்று எடுத்த அச்சில் ஒரு பெண்ணின் பெயர், புதனன்று எடுத்ததில் வேறு பையனின் பெயர். அலுவலகத்து அம்மா இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்து, "தம்பி, யாருக்கு செக் போடுறது?" என்றார். பதில் என்னிடம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது அறக்கட்டளை. போஸ்ட்கிரஸ் 13 முதல் `ORDER BY total DESC FETCH FIRST 10 ROWS WITH TIES` என்று கேட்டால் சமமானவரையும் சேர்த்து பதினொரு பேரைக் கொடுத்துவிடும், ஆனால் பதினொரு செக்குக்குப் பணம் இருக்கிறதா என்பதை அது சொல்லாதே. வேலைக்கு எடுக்கும்போது பபிள் சார்ட் எழுதிக்காட்டு என்று ஒரு மணி நேரம் வாட்டுகிறார்கள், "சமமாக வந்தால் என்ன செய்வாய், யாரைக் கேட்பாய்" என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனவே அவரை நம்பி இருக்காதீர்கள். நாலே வரி மாதிரிப் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். அதில் வேண்டுமென்றே இரண்டு பேருக்கு ஒரே மொத்தம் கொடுங்கள். "இப்படி வரும், ரேங்க் இப்படிப் போடுவேன், சரியா?" என்று கேட்டு, பட்டியலைப் பயன்படுத்தப் போகும் ஆசிரியருக்கே நேராகப் போகும்படி அனுப்புங்கள். "ஃபீல்டு எது, திசை எது" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. மாதிரியைக் கண்ணால் பார்த்தால் உடனே "இல்லையே, வயசில் மூத்தவர்தானே முன்னாடி" என்பார்கள். பிறந்த தேதியைச் சேர்க்கச் சொன்னால், அது `15-08-2009` என்று எழுத்தாகக் கிடக்கிறதா, உண்மையான தேதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாக இருந்தால் வருடத்தைப் பார்க்காமல் நாளைப் பார்த்து அடுக்கிவிடும்.

சரிசெய்த பிறகு, உள்ளே போகும் வரிசையைக் கலைத்துவிட்டுச் சோதியுங்கள்:

```python
import random
sari = sorted(rows, key=vari)
for _ in range(50):
    random.shuffle(rows)
    assert sorted(rows, key=vari) == sari
```

இதே சோதனையைப் பழைய கோட்டில், மொத்தத்தை மட்டும் வைத்து ஓட்டினால் அந்த 487 ஜோடியிலேயே `AssertionError` என்று நின்றுவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். ஆசிரியர் சரி என்று சொன்ன மாதிரிப் பட்டியலையும் கூடவே இணைத்துவிடுங்கள்.