போட்டோவுல இருக்கிறது நாட்டுக்கோழியா, புரோய்லர் கலப்பா?

எஸ்டேட்டுல வீட்டுக்குப் பின்னால எடுத்த போட்டோ. செவப்பு கோழிங்க, ஒரு வாத்தும் இருக்கு. கம்பத்துக் கோழின்னு சொல்லி வித்தாங்க, உண்மையா?

நாட்டுக்கோழின்னா தலைமுறை தலைமுறையா தானா இணைஞ்சு, தானா மேய்ஞ்சு வளர்ந்தது. கலப்புன்னா சீக்கிரம் எடை போட வளர்த்த புரோய்லர் ரத்தம் சேர்ந்தது, அந்த எடை முக்கியமா நெஞ்சுலதான் ஏறும், அதைத் தாங்கத்தான் கால் தடிச்சு அகண்டு நிக்கும்.

அதனால கலரை விட்டுட்டு காலையும் நெஞ்சையும் பாருங்க. உங்க போட்டோவுல பக்கவாட்டா நிக்குற கோழிக்கு நெஞ்சு உருண்டு முன்னால தள்ளுது, கால் தடிச்சு இருக்கு, வாலும் தாழ்ந்திருக்கு. நாட்டுக்கோழி ஒல்லியா, நிமிர்ந்து, பறக்க ரெடியா நிக்கும்.

இன்னொன்னு, எல்லாம் ஒரே செவப்பு, ஒரே சைஸ். விதையில முளைச்ச ரப்பர் மரம் ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது, ஒட்டுக்கன்னு நிரை மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கும்ல, அதே கதைதான். எனக்கு இது கலப்புன்னுதான் தோணுது, ஆனா குஞ்சா இருந்தா போட்டோவை வச்சு சொல்றது கஷ்டம், வயசு கேளுங்க. புரோய்லர் ஆறு வாரத்துல ரெண்டு கிலோ தாண்டிரும், நாட்டுக்கோழி அதுக்கு பல மாசம் எடுக்கும், கலப்பு நடுவுல.

வாத்து சுலபம், கண்ணைச் சுத்தி செவப்பா மரு மாதிரி சதை இருக்கிறதால அது செராத்தி, சாதா வாத்துக்கு மூஞ்சி முழுக்க இறகுதான்.

பழுப்பு முட்டை போட்டா நாட்டுக்கோழின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கடையில விக்குற பழுப்பு முட்டையெல்லாம் பெரும்பாலும் பண்ணைக் கோழி போட்டதுதான்.