காய்கறி ட்ரேக்கு அடியில் குளம்: ஃப்ரிட்ஜ் கேள்வி-பதில்

டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். வாங்கி நாலு வருடம். காய்கறி ட்ரேக்கு அடியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் தேங்குகிறது. பால், தயிர் எல்லாம் நன்றாகவே குளிர்கிறது, ஐஸும் உறைகிறது. வந்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி, நிரப்பி, 3,200 ரூபாய் வாங்கிப் போனார். பில் இல்லை. ஒரே வாரத்தில் மறுபடி தண்ணீர். — வாசகி, திருச்சி

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும். ஐஸ் உறையாது, பால் திரியும். கேஸ் குறைந்ததால் காய்கறி ட்ரேயில் தண்ணீர் தேங்கும் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியவில்லை அல்லது மனசாட்சி இல்லை.

உங்கள் ஃப்ரிட்ஜில் நடப்பது இதுதான். ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்கு உள்ளே காயில் என்கிற குளிர்க் குழாய்ச் சுருள் இருக்கிறது. அதன்மேல் பனி படியும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஹீட்டர் தானாக ஓடி அந்தப் பனியை உருக்கும். உருகிய தண்ணீர் காயிலுக்குக் கீழே உள்ள வாய்க்காலில் விழுந்து, ஒரு துளை வழியாக, பின்சுவருக்குள் ஓடும் குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் சேரும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். நல்ல ஃப்ரிட்ஜில் இந்தத் தண்ணீரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். துளையோ குழாயோ அடைத்துக்கொண்டால் போக வழியில்லாமல், குளிர்காற்று இறங்கும் பாதை வழியாகவும் பின்சுவர் ஓரமாகவும் வழிந்து, கடைசியில் காய்கறி ட்ரேக்கு அடியில் வந்து நிற்கும். கொத்தமல்லி அழுகுவதும் அதனால்தான்.

இந்த கேஸ் விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜின் கேஸ் என்பது வண்டி பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வேக்யூம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் பத்து நிமிடத்தில் ஒரு சிலிண்டரை மாட்டிக் கழற்றியவர் உங்களுக்கு எந்த வேலையும் செய்யவில்லை. என் அம்மா வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை இப்படி நடந்தது. மூன்றாவதாக வந்த பையன் பின்னால் உட்கார்ந்து, வடிகால் குழாயின் நுனியில் இருந்த ரப்பர் மூக்கைக் கழற்றினான். அதற்குள் கறுப்பாக, வழவழவென்று ஒரு சுண்டுவிரல் அளவு அழுக்கு. பிதுக்கி எடுத்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. 300 ரூபாய் கேட்டான், 500 கொடுத்தோம்.

பணத்துக்கு வருவோம். ஃபோனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே உங்கள் சாட்சி. என்ன சொன்னார், என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார் என்று தேதியோடு எழுதி, அவருக்கோ சர்வீஸ் சென்டருக்கோ அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நடந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

அடைப்பை நானே எடுக்கலாமா? காய்கறி ட்ரேக்குப் பின்னால் தேடினேன், துளை எதுவும் இல்லை. — மதுரை

உங்கள் மாடலில் துளை ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே இருக்கும், அதனால் தெரியவில்லை. பலகையைக் கழற்றினால் உள்ளே ஃபேன் ஒயரும் ஹீட்டரும் இருக்கின்றன. பழக்கமில்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சாமான்களை எடுத்துவிட்டு இரண்டு கதவையும் திறந்து வையுங்கள், கீழே பழைய துண்டுகளை விரியுங்கள். கண்ணுக்குத் தெரியும் பனி சீக்கிரம் உருகிவிடும். குழாய்க்குள் உறைந்த கட்டிதான் கடைசியில் உருகும், அதனால் ஒரு முழு இரவு, முடிந்தால் 24 மணி நேரம் விடுங்கள். பாதியில் ஆன் செய்பவர்களுக்குத்தான் நாலாம் நாள் மறுபடி தண்ணீர் வருகிறது.

அடுத்து ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே தொங்கும் குழாய் நுனியைப் பாருங்கள். ரப்பர் மூக்கு இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். துளை கைக்கெட்டும் மாடலாக இருந்தால், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை, ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, மெதுவாக விடுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும். விட்ட தண்ணீர் பின்தட்டில் வந்து விழுந்தால் வழி திறந்துவிட்டது. விழாவிட்டால் இன்னும் கட்டி இருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவரால் ஐஸைக் குத்தி எடுத்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. இப்போது குளிரவே இல்லை. வாரண்டியில் வருமா? — கோவை

வராது. காயிலில் ஓட்டை போட்டுவிட்டீர்கள். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் தீப்பிடிக்கும் கேஸ்தான். பிளக்கைப் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கம்பி எதையும் ஃப்ரீசருக்குள் விடக்கூடாது என்று ஃப்ரிட்ஜோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் பிரித்தாவது பார்த்தீர்களா?

மூன்று தடவை சுத்தம் செய்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதே தண்ணீர். — சேலம்

அப்படியானால் அழுக்கு காரணமில்லை, துளையிலேயே தண்ணீர் உறைகிறது. ஹீட்டரின் சூடு அதுவரை எட்டவில்லை. ஹீட்டரில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகட்டைக் கட்டி, அதன் நுனியைத் துளைக்குள் தொங்கவிட்டால், ஒவ்வொரு டீஃப்ராஸ்டிலும் அது துளையையும் சூடாக்கும். சில மாடல்களுக்கு இது தனிப் பாகமாகவே கிடைக்கிறது. சர்வீஸ் ஆளிடம் அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். ஃப்ரீசரின் பின்பலகை முழுக்கப் பனி படர்ந்து, கீழ்த்தட்டு குளிராமலும் போகிறது என்றால் ஹீட்டரோ அதன் சென்சாரோ போயிருக்கும். அதைத் தகடு சரிசெய்யாது.

அடியில் ஒரு துணியை விரித்துவிட்டால் போதாதா?

போதாது. துணி பூஞ்சை பிடிக்கும், அடைப்பு அப்படியே இருக்கும்.

பத்து வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது அடைப்பு எடுக்கக் காசு கேட்கிறார்கள். — நாகர்கோவில்

அந்தப் பத்து வருடம் பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற ஒரே பாகத்துக்கு மட்டும்தான். முழு ஃப்ரிட்ஜுக்கும் வழக்கமாக ஒரு வருடம். கார்டை எடுத்துப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். நானும் ஒரு கடையில் 2,400 ரூபாய் கூடுதலாகக் கட்டி வாரண்டியை நீட்டித்தேன். வடிகால் அடைத்தபோது, அது பராமரிப்பு வேலை, பழுது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த 2,400 போனது இன்றும் வலிக்கிறது. கட்டுவதற்கு முன் ‘வடிகால் அடைப்பு இதில் வருமா?’ என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் கட்டாதீர்கள். ஆனால் உங்கள் விளம்பரத் தாளிலோ பில்லிலோ ‘கம்ப்ரசருக்கு மட்டும்’ என்று எங்கேயும் போடவில்லை என்றால் விடாதீர்கள், 1915-இல் பதிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் உள்ளே இல்லை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தரையில். — தஞ்சாவூர்

உங்கள் வடிகால் நன்றாக இருக்கிறது. கம்ப்ரசர் மேல் உள்ள தட்டு விரிசல் விட்டிருக்கும், அல்லது வீடு மாறும்போது இடம் நகர்ந்திருக்கும். நகர்ந்திருந்தால் சரியாக வையுங்கள், விரிசல் என்றால் தட்டை மட்டும் மாற்றுங்கள்.