சுவரில் நான்கு துண்டு டேப், நடுவில் ஒரு வெள்ளைத் தாள்

கேள்வி: ஓவியங்களைப் பிரேம் போட்டு விற்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் ஹால் போட்டோவில் படத்தை வைத்துக் காட்டினால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கிறது. மாட்டிய பிறகு, "போட்டோவுல பெரிசா இருந்துச்சே" என்கிறார்கள். போட்டோஷாப்பில் இதை எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்: முதலில் அளவு. பெரும்பாலும் சோபாவின் நீளத்தைக் கேட்டு அதை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். கேமராவிலிருந்து சுவர் 12 அடி, சோபாவின் முன்விளிம்பு 9 அடி என்றால், அந்த விளிம்பு சுவரில் உள்ள பொருளைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக விழும். அதை அளவுகோலாக எடுத்தால் 24 அங்குலப் படம் 32 அங்குலமாகத் தெரியும். அளவுகோல் சுவரிலேயே இருக்க வேண்டும்.

அதனால் நான் போட்டோ எடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் ஒரு வேலை சொல்லிவிடுவேன். படம் 24×36 அங்குலம் என்றால் (பிரேமின் வெளி அளவு இது) நான்கு மூலைகளுக்கும் சிறு துண்டு மாஸ்கிங் டேப், அந்த எல்லைக்கு உள்பக்கமாக. இரண்டு மூலைவிட்டமும் சுமார் 43¼ அங்குலம் வந்தால் செவ்வகம் கோணவில்லை. நடுவில் ஒரு வெள்ளை ஏ4 தாள். பிறகு, படம் மாட்டினால் எந்த வெளிச்சத்தில் பார்ப்பார்களோ அதில், பிளாஷ் இல்லாமல், 1x லென்ஸில். 0.5x வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும்.

போட்டோஷாப்பில் பிரேமோடு சேர்ந்த படத்தை 2400×3600 பிக்சலில் தயார் செய்து, போட்டோவின் மேல் வைத்து `Convert to Smart Object` கொடுங்கள். `Ctrl+T`, வலது கிளிக், `Distort`. நான்கு மூலைகளையும் டேப்பின் வெளிமூலைகளுக்கு இழுத்து விட்டால் அளவும் சாய்வும் ஒரே தடவையில் உட்கார்ந்துவிடும். டேப்பும் தாளும் படத்துக்கு அடியில் மறைந்துவிடும். அதே அளவில் வேறு ஓவியம் கேட்டால் லேயரின் தம்ப்நெயிலை டபுள் கிளிக் செய்து உள்ளே மாற்றி, சேவ் செய்துகொள்ளலாம்.

ஸ்டிக்கர்போல் தெரிவதற்குக் காரணம் வெள்ளை. மஞ்சள் பல்பு எரியும் ஹாலில் உங்கள் படத்தின் வெள்ளை மட்டும் பளீரென்று நிற்கிறது. படத்தின் லேயரை மறைத்துவிட்டு, அந்த ஏ4 தாளின் நிறத்தை ஐட்ராப்பரில் எடுங்கள். அதே நிறத்தில் ஒரு `Solid Color` லேயரைப் படத்தின் மேல் வைத்து, `Multiply` ஆக்கி, `Create Clipping Mask` கொடுங்கள். படத்தின் வெள்ளை அந்தத் தாள் அளவுக்கு இறங்கும். தாளைச் சுவரில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நிழலைப் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு அங்குலம் தடித்த பிரேமுக்குக் கைப்பிடி அகல நிழல் விழாது. ஜன்னல் இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் மட்டும், மெல்லியதாக. எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் அதே சுவரில் உள்ள ஸ்விட்ச் பாக்ஸின் நிழலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசியில் போட்டோ கொஞ்சம் மங்கலாக இருந்தால் படத்துக்கும் அரை பிக்சல் `Gaussian Blur`.