காலாண்டு ஆய்வுக் கூட்டம்: கூடும் முன்பே எண்களைப் பேசி முடியுங்கள்

கஸ்டமர் சக்சஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் வேலைகளுக்கான தேர்வில் இப்படியொரு பயிற்சி வருவதுண்டு: "நான்கு ஆண்டுகளாக நம்மிடம் சேவை பெறும் வாடிக்கையாளரைக் காலாண்டு ஆய்வுக் கூட்டத்துக்கு அழைத்து மின்னஞ்சல் எழுதுங்கள்." பலர் மரியாதையான வாக்கியங்களில் கவனம் செலுத்தி, தேதியிலும் தரவிலும் கோட்டை விடுகிறார்கள்.

காலாண்டு முடிந்த மறுநாளே கூட்டம் வைக்காதீர்கள். கணக்கு முடியவே ஒரு வாரமாவது ஆகும். மூன்றாவது வாரம் சரியாக இருக்கும். அழைப்பு அதற்கு மூன்று வாரம் முன்பே போகட்டும். "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்டால் பதில் இழுக்கும். இரண்டு தேதிகளை நேரத்தோடு கொடுங்கள். தினமும் உங்களோடு பேசுபவர் மட்டும் வந்தால் போதாது, பட்ஜெட்டை முடிவு செய்பவரும் வர வேண்டும். அவர் எந்தப் பகுதிக்குத் தேவை என்பதையும் எழுதிவிடுங்கள்.

நிகழ்ச்சி நிரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சென்ற முறை ஒப்புக்கொண்டவை என்னவாயின என்பதற்கு 10 நிமிடம், தரவுக்கு 15, வாடிக்கையாளரின் அடுத்த காலாண்டுத் திட்டத்துக்கு 25, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்பதற்கு 10. புதிய திட்டத்தை விற்கும் ஸ்லைடை இதில் நுழைத்தால், அடுத்த முறை மேலதிகாரி வரமாட்டார்.

பெரும்பாலும் சிக்கல் தரவில்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். காலாண்டில் வாடிக்கையாளர் அனுப்பிய உதவிக் கோரிக்கைகள், அதாவது டிக்கெட்டுகள், 120. 108 குறித்த நேரத்துக்குள் முடிந்தன. உங்கள் ஸ்லைடு 90% என்கிறது. வாடிக்கையாளரோ, அந்த 108-இல் 12 டிக்கெட்டுகள் மீண்டும் திறக்கப்பட்டதால் அவை தீரவே இல்லை என்கிறார். அவர் கணக்கில் 96 தான், அதாவது 80%. இருவரும் பொய் சொல்லவில்லை, 'முடிந்தது' என்பதை வேறுவேறாக எண்ணியிருக்கிறார்கள். வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தை உங்கள் மென்பொருள் கழித்துவிட்டு, அவர் கழிக்காமல் விட்டாலும் இதே தகராறு வரும். கூட்டத்தில் இது வெடித்தால் 15 நிமிடம் 45 ஆகும். திட்டம் பற்றிப் பேச நேரமே இருக்காது.

ஆகவே கூட்டத்துக்கு ஏழு வேலை நாள் முன்பு, தினசரித் தொடர்பில் இருப்பவருக்கு மட்டும் எண்களை அனுப்புங்கள். தேதி வரம்பு, எண்ணிய முறை, விலக்கியவை ஆகியவற்றை மேலே இரண்டு வரியில் எழுதுங்கள். "உங்கள் பதிவோடு பொருந்தாதது இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், திருத்திய பிரதியை வெள்ளியன்று அனைவருக்கும் அனுப்புகிறேன்" என்று முடித்தால் போதும். எண்ணும் முறையில் உடன்பாடு வராவிட்டால் சேவை ஒப்பந்தத்தில் உள்ள வரையறையைப் பின்பற்றி, மற்ற எண்ணையும் பக்கத்தில் காட்டுங்கள். பயன்பாட்டுத் தரவைத் துறைவாரியாகக் கொடுங்கள். எந்த ஊழியர் எத்தனை முறை உள்நுழைந்தார் என்ற பட்டியல் அவருடைய மேலதிகாரி முன் போகக் கூடாது.

முடிவெடுப்பவர் கடைசி நேரத்தில் வர முடியாது என்றால், தரவுப் பகுதியை மட்டும் மற்றவர்களோடு முடித்துவிட்டு, திட்டப் பகுதிக்கு அவரிடம் அரை மணி நேரம் தனியாகக் கேளுங்கள்.